கையெழுத்துப் போடுபவர் எதற்குப் பொறுப்பேற்கிறார்?

அரசு ஊழியர்கள் பாஸ்போர்ட் எடுக்க என்.ஓ.சி. கேட்டு எழுதும் மனு பெரும்பாலும் மூன்று வரிதான் இருக்கும். "நான் வெளிநாடு செல்ல விரும்புகிறேன். எனவே எனக்குத் தடையின்மைச் சான்று வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." அந்த மூன்று வரிக் கடிதம் மேசை மேசையாகப் போய், ஏதோ ஒரு விளக்கம் கேட்கப்பட்டு, உரிய வழியாகவே திரும்பி வரும். கேட்டவர் "என்னை வேண்டுமென்றே அலைக்கழிக்கிறார்கள்" என்று நினைப்பார். அலுவலகம் "இதை வைத்து என்ன ஆணை போடுவது?" என்று நினைக்கும். நான் மாவட்ட அலுவலகம் ஒன்றில் நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இரண்டு பேருமே நியாயமானவர்கள் என்று எனக்குத் தெரியும். இடையில் குறைவது ஒன்றுதான். அந்தச் சான்றில் கையெழுத்துப் போடுபவர் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை.

அதைச் சொல்லிவிட்டு, எங்கள் தெருவில் இருக்கும் ஒரு டீச்சரின் மனுவை எப்படித் திருத்தி எழுதினோம் என்று சொல்கிறேன். அவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், பிரசவத்துக்குத் துணையாகப் போக வேண்டும். கையில் பாஸ்போர்ட் இல்லை.

பாஸ்போர்ட் அலுவலகம் அரசு ஊழியரின் வேலை தரும் துறையிடம் ஏன் கடிதம் கேட்கிறது? ஊழியர் பணியிடை நீக்கத்தில் இருக்கிறாரா, விசாரணைக்கு நடுவில் நாட்டை விட்டுப் போகப் பார்க்கிறாரா என்பது துறைக்குத்தான் தெரியும். அந்த மனிதர் உண்மையில் அந்தப் பதவியில் இருப்பவர்தானா என்பதும் பணிப்பதிவேட்டை வைத்திருக்கும் அலுவலகத்துக்குத்தான் உறுதியாகத் தெரியும். ஆகவே என்.ஓ.சி. என்பது சலுகை அல்ல, வெறும் பரிந்துரைக் கடிதமும் அல்ல. தன் பதிவேடுகளில் இருப்பதைப் பார்த்து ஒரு அதிகாரி தன் பெயரில் கொடுக்கும் உறுதிமொழி.

பாஸ்போர்ட்டுக்கான என்.ஓ.சி. படிவம் இப்போது இணைப்பு 'ஜி' என்ற பெயரில் இருக்கிறது. அதை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இன்னார் இந்த அலுவலகத்தில் இந்தத் தேதி முதல் பணியாற்றுகிறார், இப்போது இந்தப் பதவியில் இருக்கிறார், அவர் பாஸ்போர்ட் பெறுவதில் இந்தத் துறைக்கு ஆட்சேபம் இல்லை என்று வரும். அதோடு நிற்காது. கையெழுத்திடும் அதிகாரி, 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2) பிரிவைத் தாம் படித்திருப்பதாகவும், அது இந்த விண்ணப்பதாரருக்குப் பொருந்தவில்லை என்றும் சான்றளிக்கிறார். இந்தச் சான்றில் கையெழுத்திடத் தமக்கு அதிகாரம் உண்டு என்றும் சொல்கிறார். பேனா தயங்குவது இந்த இடத்தில்தான்.

6(2) என்ன சொல்கிறது? பாஸ்போர்ட்டை மறுப்பதற்கான காரணங்களை அது அடுக்குகிறது. விண்ணப்பித்தவர் இந்தியக் குடிமகன் அல்ல என்பது அதில் ஒன்று. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு என்பது இன்னொன்று. சாதாரண ஊழியரைத் தொடக்கூடியவை மூன்று. கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றிருப்பது, இந்தியாவில் ஏதாவது குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது, நீதிமன்றத்தின் பிடியாணையோ அழைப்பாணையோ இருப்பது.

இந்தப் பட்டியலில் துறை ரீதியான நடவடிக்கை இல்லை என்பதைக் கவனியுங்கள். 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஒருவர் மேல் இருந்தால் 6(2) பிரிவின்படி அது தடை இல்லை. ஆனால் "துறைக்கு ஆட்சேபம் இல்லை" என்ற வரி தனியாக இருக்கிறதே, அதை எழுதலாமா கூடாதா என்று துறை தன் விதிகளைப் பார்த்து முடிவு செய்யும். ஆகக் கையெழுத்து ஒன்று, கேள்வி இரண்டு. சட்டம் தடுக்கிறதா என்பது ஒன்று, நிர்வாகம் தடுக்க விரும்புகிறதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதிலை மனுவிலேயே வைத்துக் கொடுப்பவரின் கோப்புதான் நிற்காமல் போகும்.

டீச்சரின் கதைக்கு வருகிறேன். அவர் எழுதியது "சிங்கப்பூர் செல்ல இருப்பதால் தடையின்மைச் சான்று வேண்டும்" என்ற மாதிரி மனு. தலைமை ஆசிரியர் மேலொப்பம் போட்டு அனுப்பினார். மேல் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த கடிதத்தில் இருந்த கேள்விகள்: புறப்படும் தேதி, திரும்பும் தேதி, விடுப்பின் வகை, பயணச் செலவை ஏற்பவர் யார், பாஸ்போர்ட் எண்.

"பாஸ்போர்ட் எடுக்கத்தான் சார் கேக்கறேன். பாஸ்போர்ட் நம்பர் கேட்டா நான் எங்க போவேன்?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். அலுவலகம் கேட்டதும் நியாயம். அவர் மனுவில் பாஸ்போர்ட் என்ற சொல்லே இல்லை. படித்த எழுத்தர் அதை வெளிநாட்டுப் பயணத்துக்கான அனுமதியாக எடுத்துக்கொண்டார். பாஸ்போர்ட் பெற என்.ஓ.சி. வேறு, வெளிநாடு போய் வர அனுமதி வேறு. முதலாவது பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகும் கடிதம். இரண்டாவது துறைக்குள்ளேயே முடியும் ஆணை. முதலாவதுக்குப் பயணத் தேதி தேவையே இல்லை. எந்த நாடு என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால்தான் குழப்பம். நான் பார்த்த திரும்பிய மனுக்களில் மிகப் பெரும் பகுதி இந்த ஒரே இடத்தில் விழுந்தவை.

ஆகவே முதல் திருத்தம், பொருள் வரி. "பொருள்: புதிய பாஸ்போர்ட் பெறுவதற்கு இணைப்பு 'ஜி' படிவத்தில் தடையின்மைச் சான்று கோருதல் - தொடர்பாக." இந்த வரியிலேயே எழுத்தருக்கு எந்தக் கோப்பு, எந்தப் படிவம், யார் கையெழுத்து என்று மூன்றும் தெரிந்துவிடும். சிங்கப்பூர், பிரசவம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். அது அடுத்த மனுவுக்கு உரியது.

படிவத்தின் எழுத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் இணைப்புகளைக் குறைத்து, எழுத்துகளையும் மாற்றியது. முன்பு என்.ஓ.சி. இணைப்பு 'எம்' ஆக இருந்தது, இப்போது 'ஜி'. அடையாளச் சான்று 'பி'யாக இருந்தது, இப்போது 'ஏ'. பழைய படிவத்தின் நகல் இன்னும் பல அலுவலகங்களின் கணினியில் உட்கார்ந்திருக்கிறது. நல்ல எண்ணத்தோடு அதையே அச்செடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட் சேவா தளத்திலிருந்து இப்போதைய படிவத்தை நீங்களே இறக்கி இணைத்துவிடுவது நல்லது.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை இல்லை. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்து கூடாது, விரித்து எழுத வேண்டும். நம்முடைய பணிப்பதிவேட்டிலோ முன்னெழுத்து மட்டும்தான் இருக்கும். டீச்சருக்குப் பணிப்பதிவேட்டில் தந்தையின் முன்னெழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் அதேதான். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று ஆவணம், இரண்டு பெயர். அலுவலகம் பணிப்பதிவேட்டைப் பார்த்து முன்னெழுத்தோடு என்.ஓ.சி. அடித்துக் கொடுத்திருந்தால், பாஸ்போர்ட் சேவா மையத்தில் விண்ணப்பத்தில் ஒரு பெயரும் சான்றில் வேறொரு பெயருமாக நின்றிருப்பார்.

என்ன செய்தோம் என்றால், முதலில் பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் வர வேண்டும் என்று முடிவு செய்யச் சொன்னேன். அவர் ஆதாரில் இருக்கும் பெயரையே வைத்துக்கொண்டார். பிறகு மனுவில் தனியாக ஒரு பத்தி: பணிப்பதிவேட்டில் இந்த முன்னெழுத்துடன் உள்ள நானும், ஆதாரில் இந்தப் பெயருடன் உள்ள நானும் ஒருவரே, முன்னெழுத்து என் தந்தை பெயரைக் குறிக்கும், திருமணச் சான்று நகல் இணைத்துள்ளேன், சான்றில் என் பெயரை ஆங்கிலத்தில் இவ்வாறு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே பெரிய எழுத்தில், ஒவ்வோர் எழுத்தும் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இருப்பது போலவே. இந்தப் பத்தி இருந்தால் அதிகாரி தன் பதிவேட்டில் இல்லாத ஒரு பெயருக்குக் கையெழுத்திடுகிறோமோ என்று தயங்க வேண்டாம். ஏன் அப்படி எழுதினோம் என்பதற்கு ஆதாரம் கோப்பிலேயே இருக்கிறது.

பிறந்த தேதியும் அப்படித்தான். பணிப்பதிவேட்டில் உள்ள தேதியும் ஆதாரில் உள்ள தேதியும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியைத் திருத்துவது அவ்வளவு எளிதல்ல.

பிறகு பணி விவரம். பணியில் சேர்ந்த தேதி, தற்போதைய பதவி, இந்தப் பள்ளியில் சேர்ந்த தேதி, ஊழியர் அடையாள எண், நிரந்தரமா தற்காலிகமா. இவை அலுவலகத்திலேயே இருப்பவைதான். இருந்தாலும் பணிப்பதிவேடு ஒரு அலமாரியில், எழுத்தர் ஒரு மேசையில், அதிகாரி ஒரு அறையில். மனுவில் விவரமும், பணிப்பதிவேட்டின் முதல் பக்க நகலும் இருந்தால் ஒப்பிட்டு சரி என்று குறிக்க வேண்டியதுதான் வேலை. தேடி எடுக்கும் வேலைக்கு நாளாகும், ஒப்பிடும் வேலைக்கு நிமிடம் போதும்.

இப்போது எல்லோரும் எழுதத் தயங்கும் பத்தி. "என் மீது துறை நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை. பணியிடை நீக்கத்தில் இல்லை. எந்தக் குற்றவியல் நீதிமன்றத்திலும் வழக்கு நிலுவையில் இல்லை. எந்தக் குற்ற வழக்கிலும் தண்டனை பெற்றதில்லை. பிடியாணை, அழைப்பாணை ஏதும் இல்லை." யாரும் கேட்காமல் இதை ஏன் எழுத வேண்டும், எழுதினால் சந்தேகம் வராதா என்று டீச்சர் கேட்டார். வராது. இந்த ஐந்து வாக்கியமும் அதிகாரி கையெழுத்திடப் போகும் வாக்கியங்களின் மறுபக்கம். கீழே தலைமை ஆசிரியர் "பள்ளிப் பதிவேடுகளின்படி மேற்கண்ட விவரங்கள் சரிபார்க்கப்பட்டன" என்று எழுதி, தேதியும் முத்திரையும் வைத்துவிட்டால், மேலே இருப்பவருக்கு நம்பிப் பிடித்துக்கொள்ள ஒரு கையெழுத்து கிடைத்துவிடுகிறது. வெறுமனே "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதி அனுப்பும் மேலொப்பத்தால் அந்தப் பயன் இல்லை.

வழக்கு இருப்பவர்கள் என்ன செய்வது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். போராட்டத்தில், மறியலில் கலந்துகொண்டதற்காக வழக்கு பதியப்பட்ட ஊழியர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பாதிப் பேருக்குத் தங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியாது. மறைப்பது மட்டும் கூடாது. காவல் சரிபார்ப்பில் அது வெளியே வரும், வந்தால் தவறான தகவல் கொடுத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். சட்டம் சொல்வது "நீதிமன்றத்தில் நிலுவை" என்பது. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை மட்டும் பதிவாகி விசாரணையில் இருக்கும் வழக்கு இந்தப் பிரிவில் வராது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் சுற்றறிக்கை கொடுத்திருக்கிறது. ஆகவே குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் கோப்பில் எடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் குற்ற எண்ணையும் தற்போதைய நிலையையும் மனுவில் அப்படியே எழுதி, சுற்றறிக்கையின் நகலை இணையுங்கள். எடுத்திருந்தால் அந்த நீதிமன்றத்திலேயே வெளிநாடு செல்ல அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். அனுமதி ஆணையோடு விண்ணப்பித்தால் பாஸ்போர்ட் கொடுக்கலாம் என்று 1993 ஆகஸ்ட் 25-ஆம் தேதி அறிவிக்கை இருக்கிறது. நீதிமன்றம் எத்தனை காலம் என்று சொல்கிறதோ அத்தனை காலத்துக்கு, காலம் எதுவும் சொல்லாவிட்டால் ஓராண்டுக்கு. அதனால் வக்கீலிடம் சொல்லி, எத்தனை ஆண்டுக்குப் பாஸ்போர்ட் வேண்டும் என்பதை மனுவில் கேட்கச் செய்யுங்கள். ஆணையில் அது இல்லையென்றால் வருடா வருடம் இதே வேலைதான்.

டீச்சருக்கு வழக்கு எதுவும் இல்லை. அவருடைய மனு இரண்டாம் முறை போனபோது முதலில் ஒரு பக்க மனு, அடுத்து இணைப்பு 'ஜி' படிவத்தில் எல்லா விவரமும் ஆங்கிலத்தில் அடித்து கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்ட வரைவு, பிறகு நகல்கள். வரைவை நாமே அடித்துக் கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அலுவலகத்தின் கடிதத் தலைப்பில் அவர்கள் மறுபடி அடித்துக்கொள்வார்கள். ஆனால் பெயரின் எழுத்தும் தேதியும் அவர்கள் விரலில் பிழையாவதற்கு வாய்ப்பு குறைந்துவிடும். முடிந்தால் மென்நகலையும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

மனு கொடுத்ததும் தபால் பிரிவில் ஒப்புதல் வாங்கி, ந.க. எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போய் விசாரிக்கும்போது "என் என்.ஓ.சி. என்ன ஆச்சு" என்று கேட்பதற்கும், "ந.க. எண் இன்னது, எந்த மேசையில் இருக்கிறது" என்று கேட்பதற்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு.

சான்று கைக்கு வந்ததும் அலுவலகத்தை விட்டு வெளியே வருமுன் படியுங்கள். பெயரின் எழுத்துகள், பதவி, சேர்ந்த தேதி, கடிதத்தின் எண்ணும் தேதியும், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் முத்திரையும், அலுவலகத்தின் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும். கடைசியில் சொன்னதைப் பலர் கண்டுகொள்வதில்லை. பாஸ்போர்ட் அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்தால் அந்த எண்ணில்தான் கேட்பார்கள். யாரும் எடுக்காத பழைய எண் அச்சிட்ட தலைப்பாக இருந்தால், இப்போது பேசக்கூடிய எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதேபோல் "கண்காணிப்பாளர், அலுவலருக்காக" என்று போட்ட கையெழுத்து வேண்டாம். அதிகாரம் உள்ளவரே கையெழுத்திட வேண்டும் என்பது படிவத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. அது நியமன அதிகாரியா, அவர் அதிகாரம் அளித்த வேறொருவரா என்பது துறைக்குத் துறை மாறும். மனுப் போடுமுன் அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மையத்துக்கு மூலச் சான்றைத்தான் கொண்டு போக வேண்டும்.

"சார், என்.ஓ.சி. தரவே மாட்டேங்கறாங்க, இழுத்தடிக்கறாங்க" என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. இணைப்பு 'எச்', முன்தகவல் கடிதம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறேன் என்று துறைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்து, அதைக் கொடுத்துவிட்டதாகப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் காட்டுவது. அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். கடிதத்தின் நகலில் அலுவலகம் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. ஆனால் இதைக் குறுக்கு வழியாக எண்ண வேண்டாம். துறை ஆட்சேபம் தெரிவித்தால் கொடுத்த பாஸ்போர்ட்டே சிக்கலாகும். உங்கள் துறையின் ஆணை முன் அனுமதி கேட்கச் சொன்னால், பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்றுக்கொண்டதாலேயே அந்த ஆணை உங்களை விட்டுவிடாது. அவசரம் உள்ளவர்களுக்கு, நடவடிக்கை எதுவும் இல்லாதவர்களுக்கு, இது நல்ல வழி. மற்றவர்கள் என்.ஓ.சி.யையே கேளுங்கள்.

பாஸ்போர்ட் வந்த பிறகுதான் டீச்சர் பயண அனுமதிக்கு மனுப் போட்டார். முதலில் திரும்பி வந்த கடிதத்தின் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அப்போது பதில் இருந்தது. பாஸ்போர்ட் எண், போகும் நாள், வரும் நாள், ஈட்டிய விடுப்பு, மகள் வீட்டு முகவரி. செலவு யாருடையது என்ற கேள்வி ஏன் என்று பலருக்குக் கோபம் வரும். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010, அரசு ஊழியர் வெளிநாட்டில் இருக்கும்போது வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்பதற்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. டிக்கெட்டையும் தங்கும் செலவையும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஏற்கிறது என்றால் அது வேறு விவகாரம் ஆகிவிடும். அதனால்தான் அந்தக் கேள்வி. "டிக்கெட் என் சொந்தச் சேமிப்பிலிருந்து, தங்குவது மகள் வீட்டில், மகள் இந்தியக் குடியுரிமை உள்ளவர்" என்று அவர் எழுதினார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பணியில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் பத்து ஆண்டு செல்லும், பயணம் முடிவாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கிறார்கள், வேலை தேடுகிறார்கள் என்றால் இந்த மனுவை இந்த மாதமே எழுதிவிடுங்கள். அவசரம் இல்லாத நாளில் கேட்கும்போது பெயர்ப் பிழையைத் திருத்தவும் அவகாசம் இருக்கும், நீதிமன்ற ஆணை வாங்கவும் அவகாசம் இருக்கும். நிர்வாகப் பிரிவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இணைப்பு 'ஜி' புதிய படிவத்தையும், என்னென்ன நகல் வேண்டும் என்பதையும் ஒரு தாளில் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவையுங்கள்.